ஏர்போர்ட்டில் திடீர் கட்டணம்: லக்கேஜ், சீட், பெயர் திருத்தம்… எதைக் கட்டணும், எதைக் கேள்வி கேட்கணும்?

டிக்கெட் புக் பண்ணும்போது பார்த்த விலை ஒன்று, வீட்டுக்குத் திரும்பிக் கணக்குப் பார்த்தால் செலவான தொகை வேறு. உள்நாட்டு விமானத்தில் அடிக்கடி போய் வருபவர்களுக்கு இது புதுசு இல்லை. சீட்டுக்கு ஒரு தொகை, கூடுதல் எடைக்கு ஒரு தொகை, பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதற்கு ஒரு தொகை. அதிலும் கவுன்டரில் நிற்கும்போது பின்னால் பத்து பேர் வரிசையில் இருப்பார்கள், கடிகாரம் ஓடும். "சரி, கார்டைத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அப்படிக் கட்டியதில் எது நியாயம், எது தவிர்த்திருக்கலாம், எதைத் திருப்பிக் கேட்கலாம்? ஒரு குடும்பத்தின் பயணத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம்

இந்தியாவில் விமான நிறுவனங்களின் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. டிக்கெட் விலைக்கு மட்டுமல்ல, லக்கேஜ் விலைக்கும் இதே கதைதான். 2016-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, 15 முதல் 20 கிலோ வரையிலான கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்துப் பார்த்தது. விமான நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வரம்பை ரத்து செய்துவிட்டது. அதன் பிறகு கிலோவுக்கு எவ்வளவு என்பது நிறுவனத்தின் விருப்பம்.

அதனால் "ஏன் இவ்ளோ வாங்குறீங்க?" என்று கவுன்டரில் சண்டை போட்டுப் பலன் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இதை எனக்கு முன்கூட்டியே சொன்னீங்களா? நான் ஒத்துக்கிட்டேனா?"

இந்தக் கேள்விக்குத்தான் சட்டப்படி வலு இருக்கிறது. 2024 ஏப்ரலில் டிஜிசிஏ வெளியிட்ட சுற்றறிக்கை, விருப்பமான சீட், உணவு, செக்-இன் லக்கேஜ் உள்ளிட்ட ஏழு சேவைகளை டிக்கெட் விலையிலிருந்து பிரித்துத் தனியாக விற்க நிறுவனங்களுக்கு அனுமதி தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. பயணி தானாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அந்தச் சேவையைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே டிக் பண்ணி வைத்துவிட்டு, "வேண்டாம்னா எடுத்துக்கோங்க" என்று விடுவது கூடாது.

உதாரணக் குடும்பம்

கார்த்திகேயன் என்று ஒருவர் இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். மனைவி, ஏழு வயது மகளுடன் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறார். மூன்று டிக்கெட்டையும் விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே, ஒரே பி.என்.ஆர். எண்ணில் புக் பண்ணியிருக்கிறார். ஒருவருக்கு 15 கிலோ செக்-இன் லக்கேஜ், 7 கிலோ கைப்பை.

கணக்குக்காக, கவுன்டரில் கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 600 ரூபாய், சீட் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். உண்மையான விலை நிறுவனத்துக்கு நிறுவனம், நாளுக்கு நாள் மாறும்.

பெயர்: முதல் 24 மணி நேரம்தான் முக்கியம்

புக்கிங் முடிந்து மெயில் வருகிறது. அதில் KARTHIKEYAN என்பதற்குப் பதில் KARTIKEYAN என்று இருக்கிறது. அவசரத்தில் டைப் பண்ணும்போது ஒரு H விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அந்த மெயிலைத் திறந்தே பார்ப்பதில்லை. பயணத்துக்கு முந்தைய நாள் இரவு வெப் செக்-இன் பண்ணும்போதுதான் கண்ணில் படும்.

இங்கே டிஜிசிஏ விதி தெளிவாக இருக்கிறது. டிக்கெட்டை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கியிருந்து, புக் பண்ணிய 24 மணி நேரத்துக்குள் பிழையைச் சொன்னால், அதே நபரின் பெயரைத் திருத்த எந்தக் கூடுதல் கட்டணமும் வாங்கக் கூடாது.

இதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. முதலாவது, 24 மணி நேரம். அது புக் பண்ணிய நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. இரண்டாவது, நிறுவனத்தின் இணையதளம். டிராவல் ஆப் வழியாக வாங்கியவர்கள் இந்த வரியைக் காட்டி உரிமை கேட்க முடியாது, அந்த ஆப்பின் விதிகளும் அதன் சேவைக் கட்டணமும் நடுவில் வந்துவிடும். மூன்றாவது, அதே நபர். எழுத்துப்பிழை, முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியது போன்றவை திருத்தம். "நான் போகல, தம்பி போறான்" என்றால் அது ஆள் மாற்றம், அதற்கு இந்த விதி பொருந்தாது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. அதுதான் இனிஷியல். ஆதாரில் "கார்த்திகேயன் எஸ்" என்று இருக்கும். புக்கிங் பக்கமோ முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு பெட்டிகளைக் காட்டும். பல தளங்கள் பின்பெயரில் ஒற்றை எழுத்தை ஏற்றுக்கொள்ளாது. அதனால் சிலர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார்கள், சிலர் தன் பெயரையே இரண்டு பெட்டியிலும் போடுவார்கள். எதைப் போடுவது என்று நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஒரு நிமிடம் அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். வாசலில் பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டில் உள்ள பெயரையும் அடையாள அட்டையையும்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு டைப் பண்ணுவதுதான் பாதுகாப்பு.

கார்த்திகேயன் அன்று இரவே மெயிலைப் பார்த்துவிட்டார். கால் சென்டருக்கு போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. அப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு உடனே ஒரு மெயில். பி.என்.ஆர்., டிக்கெட்டில் உள்ள பெயர், சரியான பெயர், அடையாள அட்டையின் படம். நான்கே வரி போதும். விதியில் சொல்லியிருப்பது 24 மணி நேரத்துக்குள் பிழையைத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான். அவர்கள் திருத்துவதற்கு இரண்டு நாள் ஆனாலும், நீங்கள் தெரிவித்த நேரத்துக்கு அந்த மெயில் சாட்சி. போனில் பேசியதற்கு உங்கள் கையில் அப்படி ஒரு சாட்சி இருக்காது.

24 மணி நேரம் தாண்டிவிட்டால்? அதன் பிறகு நிறுவனம் தன் விதிப்படி கட்டணம் கேட்கலாம். அப்போதும் ஏர்போர்ட் வரை காத்திருக்காதீர்கள். உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுன்டர் வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அந்த நேரத்தில் பெயர்ப் பிரச்னையோடு நின்றால் பேரம் பேச உங்களிடம் எதுவுமே இருக்காது.

சீட்: அந்த Skip பட்டன் எங்கே?

புக்கிங்கின் மூன்றாவது, நான்காவது பக்கத்தில் விமானத்தின் சீட் வரைபடம் வரும். கலர் கலராக விலை இருக்கும். கார்த்திகேயன் குடும்பத்துக்கு மூன்று சீட், தலா 400 என்றால் 1,200 ரூபாய். "மூணு பேரும் சேர்ந்து உட்காரணுமே" என்று கட்டிவிடுவோம்.

கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சீட்டைத் தேர்ந்தெடுக்காமல் மேலே போக ஒரு வழி அந்தப் பக்கத்தில் இருக்கும். மூலையில் சின்ன எழுத்தில் Skip என்றோ, அதைப் போன்ற வேறு வார்த்தையிலோ இருக்கும். அதை அழுத்தினால் டிக்கெட் செல்லும், விமானத்தில் உங்களுக்கு இடமும் உண்டு. எந்த இடம் என்பதை நிறுவனம் பிறகு ஒதுக்கும்.

அடுத்த குழப்பம் வெப் செக்-இன்னில் வரும். மீண்டும் அதே வரைபடம். இலவச சீட் ஒன்றுகூட இல்லாதது போலத் தெரியும். 2018 நவம்பரில் இதே விஷயம் பெரிய சர்ச்சையானது. வெப் செக்-இன்னில் எல்லா சீட்டுக்கும் காசா என்று பயணிகள் கொதித்தார்கள், விமானப் போக்குவரத்து அமைச்சகமும் இதை ஆய்வு செய்வதாகச் சொன்னது. அப்போது நிறுவனத் தரப்பில் வந்த விளக்கம்: காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்க விரும்பாதவர்கள் ஏர்போர்ட்டில் இலவசமாக சீட் வாங்கிக்கொள்ளலாம். காசு என்பது இடத்தை நீங்களே தேர்வு செய்வதற்குத்தான். உட்கார்ந்து போவதற்கு டிக்கெட்டிலேயே கொடுத்தாகிவிட்டது.

கவுன்டருக்குப் போனால் போர்டிங் பாஸுக்குக் காசு கேட்பார்களோ என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. 2022 ஜூலையில் அமைச்சகம் அதையும் தெளிவாக்கிவிட்டது. கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.

சரி, குழந்தை? இதற்கும் விதி இருக்கிறது. 12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணிக்கும் பெற்றோரில் ஒருவர் அல்லது பாதுகாவலர் பக்கத்தில் சீட் ஒதுக்க வேண்டும் என்பது டிஜிசிஏ 2024-ல் விமான நிறுவனங்களுக்குக் கொடுத்த உத்தரவு. கவனிக்க, ஒருவர் பக்கத்தில் என்றுதான் சொல்கிறது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார இது உத்தரவாதம் இல்லை. குழந்தையின் டிக்கெட்டைத் தனியாகப் புக் பண்ணியிருந்தால் இந்தப் பாதுகாப்பைக் கேட்பதும் கஷ்டம்.

ஆக, கார்த்திகேயன் முன்னால் இருப்பது ஒரு எளிய கேள்வி. அவர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் 1,200 ரூபாய் மிச்சம். சேர்ந்தே உட்காரணும் என்றால் அது ஒரு சேவை, காசு கொடுத்து வாங்குவதில் தப்பில்லை. ஜன்னல் சீட்டுதான் வேண்டும், கால் நீட்ட இடம் வேண்டும் என்றாலும் அப்படித்தான்.

லக்கேஜ்: பெரிய தொகை போவது இங்கேதான்

குடும்பம் இரண்டு பெரிய பெட்டிகளோடு கவுன்டருக்கு வருகிறது. ஒன்று 21 கிலோ, இன்னொன்று 27 கிலோ.

"சார், ரெண்டு பேக்லயும் எக்ஸ்ட்ரா இருக்கு. ஒண்ணுல ஆறு, இன்னொண்ணுல பன்னெண்டு. மொத்தம் பதினெட்டு கிலோ."

18 கிலோவை 600-ஆல் பெருக்கினால் 10,800 ரூபாய். டிக்கெட் விலையை நெருங்கும் தொகை!

இங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். "மேடம், நாங்க மூணு பேரும் ஒரே பி.என்.ஆர். மொத்தமா சேர்த்துக் கணக்குப் போடுங்க."

மூன்று பேருக்கும் சேர்த்து அனுமதி 45 கிலோ. இரண்டு பெட்டியின் மொத்த எடை 48 கிலோ. அப்படியானால் கூடுதல் 3 கிலோதான், 1,800 ரூபாய். ஒரே புக்கிங்கில் இருப்பவர்களின் லக்கேஜ் எடையைச் சேர்த்துக் கணக்கிடுவதை உள்நாட்டு நிறுவனங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் நிபந்தனைப் பக்கத்தில் இது எழுதியிருக்கும். அந்தப் பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் கவுன்டரில் பேச்சு சீக்கிரம் முடியும். நண்பர்கள் நான்கு பேர் ஒரே விமானத்தில் போனாலும் தனித்தனியாகப் புக் பண்ணியிருந்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. இன்னொன்று, மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெட்டியைத் தூக்கும் ஊழியர்களின் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் வரம்பு அது.

மீதி 3 கிலோவையும் குறைக்க வழி இருக்கிறது. மூன்று பேரின் கைப்பையிலும் இடம் இருந்தால் புத்தகம், சார்ஜர், ஜாக்கெட் போன்றவற்றை அதற்கு மாற்றலாம். ஆனால் உள்நாட்டு விமானத்தின் எகானமி வகுப்பில் ஆளுக்கு ஒரு கைப்பை, 7 கிலோ என்பது பொதுவான வரம்பு. போர்டிங் வாசலில் அதையும் எடை போட்டுப் பிடிப்பதுண்டு. அங்கே மாட்டினால் கவுன்டர் விலைதான், அதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

வீட்டிலேயே எடை பார்த்திருந்தால் இன்னும் நல்லது. கூடுதல் லக்கேஜை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கினால் கவுன்டர் விலையைவிடக் குறைவு. 3 கிலோ, 5 கிலோ என்று பேக்குகளாக விற்பார்கள். புறப்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் முன்பு வரை வாங்கலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், கேப்பில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எடை இயந்திரம் சரியா என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. வீட்டில் 14.5 காட்டிய பெட்டி இங்கே 16 காட்டும். பெட்டியை வைப்பதற்கு முன் திரையைப் பாருங்கள், 0.0 காட்ட வேண்டும். பெல்ட்டின் ஓரத்தில் பெட்டி இடித்துக்கொண்டோ, கைப்பிடியை யாரும் பிடித்துக்கொண்டோ இருக்கக் கூடாது. எடைக்கு ஏற்பக் காசு வாங்கப் பயன்படும் இயந்திரம் என்பதால், காய்கறிக் கடைத் தராசைப் போலவே இதற்கும் சட்டமுறை எடையளவுத் துறையின் சரிபார்ப்பு முத்திரை இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் இயந்திரத்துக்கு இது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கவுன்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. இரண்டிலும் ஒரே எடை என்றால் உங்கள் வீட்டுத் தராசில்தான் கோளாறு.

டிக்கெட் வாங்கும்போதே கவனிக்க வேண்டிய இன்னொன்று, "செக்-இன் லக்கேஜ் இல்லாத" மலிவுக் கட்டணம். 2021 பிப்ரவரியில் டிஜிசிஏ இதற்கு அனுமதி தந்தது. கைப்பை மட்டும் எடுத்துப் போகிறவர்களுக்கு இது லாபம். ஆனால் அந்த டிக்கெட்டோடு பெட்டியைக் கொண்டுவந்தால் முதல் கிலோவிலிருந்தே காசு. அதனால்தான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: பெட்டியோடு வந்தால் கவுன்டரில் எவ்வளவு ஆகும் என்பதைப் புக் பண்ணும்போதே காட்ட வேண்டும், டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும். உங்கள் டிக்கெட்டில் அந்த வரி இல்லை என்றால், அது நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம்.

கட்டிவிட்டேன், இப்போ என்ன செய்யலாம்?

விமானம் போய்விடும் என்பதால் கட்டித்தான் ஆக வேண்டிய நிலை வரலாம். கட்டுங்கள். ஆனால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். அதில் எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு, எந்தச் சேவைக்கு என்று இருக்க வேண்டும். "மொத்தம் இவ்வளவு" என்று கார்டு மெஷின் கொடுக்கும் துண்டுச் சீட்டு மட்டும் போதாது. எடைத் திரையையும் பேக்கேஜ் டேகையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முதல் புகார் விமான நிறுவனத்துக்கு. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரியின் விவரத்தைத் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். கோபத்தைக் கொட்டாமல் மூன்றே விஷயங்களை எழுதுங்கள்: என்ன வாங்கினார்கள், எந்த விதிப்படி அது கூடாது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும்.

சரியான பதில் வரவில்லை என்றால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளம், airsewa.gov.in. மொபைல் ஆப்பும் இருக்கிறது. ரசீது, டிக்கெட், நிறுவனத்துக்கு அனுப்பிய மெயில் ஆகியவற்றை இணைத்துப் பதிவு செய்யலாம். புகார் நிறுவனத்துக்கே திரும்பப் போகும், ஆனால் இந்த முறை அமைச்சகத்தின் பார்வையில். ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஏர்சேவா நீதிமன்றம் இல்லை, இழப்பீடு கொடு என்று தீர்ப்பு சொல்லாது.

இணையதளமே தந்திரமாகக் காசைச் சேர்த்திருந்தால், உதாரணத்துக்கு நீங்கள் கேட்காத சீட்டோ இன்ஷூரன்ஸோ கடைசிப் பக்கத்தில் கூடையில் உட்கார்ந்திருந்தால், அது நுகர்வோர் சட்ட விவகாரம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்னை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது.

மாற வேண்டியது என்ன?

நம் உதாரணத்தில் கார்த்திகேயன் எதையும் கேட்காமல் இருந்திருந்தால் சீட்டுக்கு 1,200, லக்கேஜுக்கு 10,800 என 12,000 ரூபாய் போயிருக்கும். கேட்டதால் 1,800 ரூபாயில் முடிந்தது. கைப்பையில் இடம் இருந்திருந்தால் அதுவும் இல்லை. விதிகள் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். வித்தியாசம், அவருக்கு அவை தெரிந்திருந்தது மட்டுமே.

முதல் முறை விமானம் ஏறும் ஒரு அம்மாவுக்கோ, கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் ஒரு பையனுக்கோ இது தெரியாது. தெரியாதவர் 12,000 கட்டுவதும், தெரிந்தவர் 1,800 கட்டுவதும் நல்ல ஏற்பாடு இல்லை. இதைச் சரிசெய்யக் கட்டண உச்சவரம்புகூடத் தேவையில்லை. "இலவச சீட் போதும்" என்ற பட்டன், விலை போட்ட சீட்டுகளின் அதே அளவில், அதே பக்கத்தில் இருக்கட்டும். கவுன்டரில் கிலோவுக்கு எவ்வளவு என்பது எல்லா டிக்கெட்டிலும் அச்சாகட்டும், மலிவு டிக்கெட்டில் மட்டும் ஏன்? 24 மணி நேர இலவசப் பெயர் திருத்தம், டிராவல் ஆப்பில் வாங்கியவர்களுக்கும் கிடைக்கட்டும். பயணி எங்கே வாங்கினாலும் ஏறப் போவது அதே விமானத்தில்தானே.

அதுவரைக்கும் புக்கிங் மெயில் வந்ததும் ஒரு தடவை திறந்து பெயரைப் பாருங்கள். பெட்டியைப் பூட்டுவதற்கு முன் எடையைப் பாருங்கள். மற்றதைக் கவுன்டரில் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.